தொலைபேசி வரவேற்பு இயந்திரம்போல் ஒலித்தால்: அறிகுறிவாரியாகச் சரிசெய்யும் வழிமுறை

உதவித் தொலைபேசிக்கு வரும் அழைப்பின் முதல் இருபது நொடிகளை மட்டுமே இந்த வழிமுறை எடுத்துக்கொள்கிறது. "உங்கள் ஆட்கள் ரோபோ மாதிரி பேசுகிறார்கள்" என்னும் புகார் வந்தவுடன், சம்பந்தப்பட்ட பணியாளரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் சிரித்த முகத்தோடு பேசுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அடுத்த வாரம் அதே புகார் வேறொருவர் பெயரில் வந்து நிற்கும். பணியாளர் மாறியும் புகார் மாறவில்லையென்றால், கோளாறு பெரும்பாலும் ஸ்கிரிப்டிலோ, அந்த ஸ்கிரிப்டைச் சுற்றி அமைந்திருக்கும் ஏற்பாட்டிலோ இருக்கிறது என்று கொள்ளலாம்.

தொடங்குமுன் இரண்டு ஏற்பாடுகள் தேவை. முதலாவது, புகார் வந்த பிரிவின் பத்துப் பதினைந்து அழைப்புப் பதிவுகளை எடுத்து, பணியாளரின் குரலை விட்டுவிட்டு, வரவேற்புக்குப் பின் வாடிக்கையாளர் முதலில் என்ன செய்கிறார் என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள தலைப்புகள் அந்த முதல் எதிர்வினையை வைத்தே பிரிக்கப்பட்டுள்ளன. இரண்டாவது, வெளியிலுள்ள ஒரு கைபேசியிலிருந்து நீங்களே அந்த எண்ணை அழைத்துப் பாருங்கள். பதிவுகள் பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கத்தில் எடுக்கப்படுபவை. வாடிக்கையாளரின் காதுக்கு எட்டாத ஓர் எழுத்துகூட அதில் தெளிவாகக் கேட்கும். பதிவை மட்டும் நம்பினால் முதல் அறிகுறியின் காரணம் உங்களுக்குப் பிடிபடவே பிடிபடாது.

## அறிகுறி 1: வரவேற்பு முடிந்ததும் வாடிக்கையாளர் "ஹலோ… ஹலோ?" என்கிறார்

இவருக்கு வரவேற்பின் முற்பகுதி கேட்கவில்லை. அவர் "ஹலோ" என்றவுடன் பணியாளர் அதே வாக்கியத்தை அதே ராகத்தில் மறுபடி சொல்வார். இயந்திரம் என்ற எண்ணம் அங்கேயே விழுந்துவிடும்.

பணியாளர் முந்திக்கொள்வது. அழைப்பு தானாக இணையும் ஏற்பாட்டில், ஹெட்செட்டில் ஒரு பீப் ஒலி கேட்கும். அந்த ஒலி முடியுமுன்னரே பேசத் தொடங்கிவிடும் பழக்கம் வேகமாக வேலை செய்பவர்களிடம்தான் அதிகம். சோதனை எளிது. நீங்கள் வெளியிலிருந்து அழையுங்கள். பணியாளர் இணைப்பு கிடைத்த கணமே வரவேற்புக்குப் பதிலாக "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று சீராக எண்ணட்டும். உங்களுக்கு "இரண்டு" என்பதிலிருந்துதான் கேட்கிறது என்றால், தொலைவது ஏறத்தாழ ஒரு சொல்லின் அளவு. பீப் ஒலிக்குப் பிறகு ஒரு மூச்சை இழுத்துவிட்டுப் பேசினால் இது தீரும். அந்த மூச்சுக்கு இன்னொரு பயனும் உண்டு: குரல் அவசரமில்லாமல் தொடங்கும்.

மைக்கின் இடமும் இரைச்சல் குறைப்பும். மைக் உதட்டுக்கு நேரே இருந்தால் மூச்சுக்காற்று அடிக்கும். தாடைக்குக் கீழே இறங்கியிருந்தால் குரல் தொலைவிலிருந்து வருவதுபோல் ஒலிக்கும். வாயின் ஓரத்தில், இரண்டு விரல் இடைவெளியில் இருக்கட்டும். இரைச்சல் குறைக்கும் மென்பொருள் சிலவேளை மெல்லத் தொடங்கும் முதல் எழுத்தையும் இரைச்சல் என்று கருதி விழுங்கிவிடும். அதை அணைத்துவிட்டு எண்ணும் சோதனையை மீண்டும் செய்து பாருங்கள்.

தொழில்நுட்பரை அழைக்க வேண்டிய இடம். ஒரு நொடி பொறுத்துப் பேசியும் முதல் சொல் தொலைகிறது, அல்லது நடுவில் குரல் உடைகிறது, அல்லது இருவரும் ஒரே நேரத்தில் பேசி ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்கள் என்றால், அது இணைப்பின் கோளாறு. குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல 150 மில்லிநொடிக்குள் ஆனால் பெரும்பாலும் பேச்சு பாதிக்கப்படாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை தரும் அளவு. அதை அளக்கும் கருவி தொழில்நுட்பரிடம்தான் இருக்கும். ஸ்கிரிப்டைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது.

## அறிகுறி 2: வரவேற்பு முடியுமுன் வாடிக்கையாளர் குறுக்கிடுகிறார்

பதிவுகளில் அவர் எந்தச் சொல்லில் குறுக்கிடுகிறார் என்று குறியுங்கள். பல பேர் ஒரே சொல்லுக்கு அருகில் குறுக்கிட்டால், அந்தச் சொல்லுக்குப் பின் உள்ளது யாருக்கும் வேண்டாதது என்று பொருள். அதை எடுத்துவிடலாம்.

சொன்னதையே சொல்வது. எண்ணை அழுத்தியதிலிருந்து பணியாளர் வாய் திறக்கும்வரை வாடிக்கையாளர் கேட்பது அனைத்தையும் வரிசையாக ஒரே தாளில் எழுதுங்கள். தானியங்கிக் குரல் நிறுவனத்தின் பெயரைச் சொல்லியிருக்கும். அழைத்ததற்கு நன்றி சொல்லியிருக்கும். உரையாடல் பதிவு செய்யப்படும் என்று அறிவித்திருக்கும். காத்திருக்கும்போது நன்றியை இன்னும் சில முறை சொல்லியிருக்கும். அதற்குப் பின் பணியாளரும் "தொடர்பு கொண்டமைக்கு நன்றி" என்றால், எட்டு நிமிடம் காத்திருந்தவருக்கு அது இன்னொரு பதிவாகத்தான் கேட்கும். தானியங்கிக் குரல் ஏற்கெனவே சொன்னவற்றைப் பணியாளரின் பகுதியில் அடித்துவிடுங்கள். வரவேற்பு ஐந்தாறு நொடிக்குள் அடங்க வேண்டும் என்பது என் கணக்கு. ஏழு நொடியைத் தாண்டினால் எதையாவது குறைக்கலாம்.

தெரிந்ததைத் தெரியாததுபோல் கேட்பது. பட்டியலில் பில் தொடர்பான எண்ணை அழுத்திவிட்டு வந்தவரிடம், "நான் எப்படி உதவட்டும்?" என்று முதலிலிருந்து கேட்பது எரிச்சலைத் தரும். "பில் சம்பந்தமாக் கூப்பிட்டிருக்கீங்க போல, சொல்லுங்க" என்றால் போதும். ஆனால் அவசரத்தில் வேறு எண்ணை அழுத்தி வருபவர்களும் உண்டு என்பதால், இதை முடிவாகச் சொல்லாமல் ஊகமாகவே சொல்ல வேண்டும்.

சட்ட ஆலோசகரைக் கேட்க வேண்டிய இடம். பதிவு செய்யப்படும் என்னும் அறிவிப்பு பல நாடுகளில் சட்டத் தேவை. அதைப் பணியாளரின் வாயிலிருந்து எடுத்துத் தானியங்கிக் குரலுக்கு மாற்றுவது நல்லதே. ஆனால் எல்லா வழிகளிலும் வரும் அழைப்புகள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் வருகின்றனவா என்று உறுதி செய்யாமலும், சட்டப் பிரிவின் ஒப்புதல் இல்லாமலும் அதைத் தொட வேண்டாம். வேறு பிரிவிலிருந்து மாற்றிவிடப்படும் அழைப்புகள்தான் இதில் வழக்கமாக நழுவும்.

## அறிகுறி 3: "இது ரெக்கார்டிங்கா?" என்று கேட்கிறார், அல்லது பேசாமல் காத்திருக்கிறார்

காத்திருப்பவரை எளிதில் கவனிக்கத் தவறிவிடுவோம். வரவேற்பு முடிந்து இரண்டு மூன்று நொடி மௌனம், பிறகு தயக்கமாக ஒரு "ம்… யாராவது இருக்கீங்களா?" என்பது இந்த அறிகுறியின் மெல்லிய வடிவம். தானியங்கிக் குரல் இன்னும் முடியவில்லை, அடுத்த எண்ணை அழுத்தச் சொல்லும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

திரையில் வரி உடையும் இடம். முதலில் பார்க்க வேண்டியது இதை; செலவே இல்லாதது. ஸ்கிரிப்ட் தெரியும் பெட்டி குறுகலாக இருந்தால், வாக்கியம் பொருளுக்கு ஒவ்வாத இடத்தில் அடுத்த வரிக்கு மடங்கும். பணியாளரின் கண் வரியின் முடிவில் ஒரு கணம் நிற்கும், குரலும் நிற்கும். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் / முக்கியமானது" என்று எல்லோரும் ஒரே இடத்தில் நிறுத்திப் பேசுவதைக் கேட்டால், அவர்களின் திரையைப் போய்ப் பாருங்கள். வரி அங்கேதான் மடங்கியிருக்கும். ஒரு மூச்சில் சொல்லக்கூடியது ஒரு வரி என்று ஸ்கிரிப்டை உடைத்து எழுதினால் இந்தக் குறை அன்றே போய்விடும்.

எழுத்துத் தமிழில் எழுதப்பட்ட ஸ்கிரிப்ட். தமிழில் இந்தக் கோளாறுக்குப் பெரும் காரணம் இதுதான். ஸ்கிரிப்டை எழுதுபவர் கடிதம் எழுதுவதுபோல் எழுதுகிறார்; பணியாளர் அதை எழுத்தெழுத்தாக உச்சரிக்கிறார். "தங்களுக்கு நான் எவ்வாறு உதவ முடியும்?" என்று எந்த மனிதரும் எந்த மனிதரிடமும் கேட்பதில்லை. "சொல்லுங்க" என்கிறோம், அல்லது "சொல்லுங்க, என்ன ஆச்சு?" என்கிறோம். மரியாதை "தங்கள்" என்பதில் மட்டும் இல்லை. "நீங்க", "சொல்லுங்க" என்பவற்றின் இறுதியிலுள்ள "ங்க"விலேயே வேண்டிய மரியாதை இருக்கிறது. பேச்சுத் தமிழில் எழுதினால் மதிப்புக் குறைந்துவிடும் என்று மேலாளர்கள் அஞ்சுவதுண்டு. கொச்சைக்கும் பேச்சுக்கும் உள்ள இடைவெளி பெரியது; இரண்டு வடிவங்களையும் பதிவு செய்து அவர்களையே கேட்கச் சொல்வது, வாதிடுவதைவிட விரைவில் பலன் தரும்.

சோதனை: ஸ்கிரிப்டைப் பணியாளரிடம் ஒருமுறை படிக்கக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சிறிது நேரம் வேறு எதையாவது பேசிவிட்டு, "அதை உங்க வார்த்தையில் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் மாற்றிச் சொல்லும் சொற்களெல்லாம் ஸ்கிரிப்டில் ஒட்டாத சொற்கள். மூன்று நான்கு பேரிடம் இப்படிக் கேட்டால் புதிய ஸ்கிரிப்ட் தானாகவே கிடைத்துவிடும். அதை எழுத வெளியாள் வேண்டியதில்லை.

எழுதும்போது எதைப் பூட்டி வைப்பது, எதைத் திறந்து விடுவது என்றும் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிவின் பெயர், பணியாளரின் பெயர், சட்ட வாசகம் ஆகியவை மாறக் கூடாது. வணக்கத்தின் வடிவமும் பேச அழைக்கும் சொல்லும் பணியாளரின் விருப்பத்துக்கு விடப்பட வேண்டும். "வணக்கங்க" என்பது ஒருவர் வாயில் இயல்பாக வரும்; இன்னொருவருக்கு "வணக்கம், சொல்லுங்க" என்பதுதான் வரும். இருவரையும் ஒரே சொல்லில் கட்டினால் ஒருவராவது நடிக்க வேண்டியிருக்கும்.

பழகிப்போன ராகம். ஒரே வாக்கியத்தை நாள்முழுதும் சொல்பவருக்கு அது சொற்களாக இல்லாமல் ஒரு ராகமாகிவிடும். பெயர் வேகமாக ஓடி மறைவது இதன் அடையாளம். பணியாளரின் பெயரை வாடிக்கையாளர் மீண்டும் கேட்கிறாரா என்று பாருங்கள். தொலைபேசி வழக்கமாக 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கடத்துவதால், மெய்யெழுத்துகளின் கூர்மை ஏற்கெனவே பாதி மழுங்கியே போய்ச் சேருகிறது; ஓட்டமாகச் சொன்ன பெயர் அதில் கரைந்துவிடும். பெயருக்கு முன்னும் பின்னும் சற்றே நிறுத்தி, பெயரின் இறுதியில் குரலை இறக்கச் சொல்லுங்கள். இந்த ஒன்று சரியானாலே ராகம் உடைந்துவிடும்.

முன்கூட்டியே பதிந்து வைத்த வரவேற்பு. சில அமைப்புகளில் பணியாளரின் சொந்தக் குரலில் பதிந்த வரவேற்பு, அழைப்பு இணைந்ததும் தானாக ஒலிக்கும். தொண்டை களைக்காது என்பது இதன் நன்மை. காலையில் உற்சாகமாகப் பதிந்த குரலுக்குப் பின், மாலையில் சோர்ந்த குரல் "சொல்லுங்க" என்றால், வாடிக்கையாளருக்கு வேறு ஒருவர் வந்துவிட்டதுபோல் இருக்கும் என்பது தீமை. பதிவில் வணக்கத்தையும் பிரிவின் பெயரையும் மட்டும் வைத்து, தன் பெயரையும் "சொல்லுங்க" என்பதையும் பணியாளர் நேரில் சொல்வதே பாதுகாப்பான நடுவழி. பதிவை மாற்ற அமைப்பு நிர்வாகியின் உதவி தேவைப்படலாம்.

## அறிகுறி 4: வரவேற்பை ஏற்றவர் இரண்டாம் வாக்கியத்தில் கோபப்படுகிறார்

"அதான் இப்பச் சொன்னேனே!" என்பது இதன் அடையாளம். வரவேற்பில் கோளாறு இருக்காது. வரவேற்பு தந்த நம்பிக்கையை அடுத்த வாக்கியம் கெடுக்கிறது. இணையச் சேவை உதவி எண் ஒன்றில் நடக்கக்கூடிய பேச்சை வைத்தே பார்க்கலாம்.

> பணியாளர்: வணக்கம், இணையச் சேவைப் பிரிவு, கவிதா பேசறேன். சொல்லுங்க.
> வாடிக்கையாளர்: மூணு நாளா நெட் வரலைங்க. பொண்ணுக்கு நாளைக்கு ஆன்லைன்ல பரீட்சை இருக்கு.
> பணியாளர்: தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறேன். தங்கள் பதிவு செய்யப்பட்ட கைபேசி எண்ணைக் கூற முடியுமா?

முதல் வரி நன்றாகவே இருக்கிறது. மூன்றாம் வரியில் மூன்று கோளாறுகள் உள்ளன, எளியதிலிருந்து வருகிறேன்.

முதலாவது, மொழி திடீரென்று பேச்சிலிருந்து எழுத்துக்குத் தாவுகிறது. வரவேற்பை மட்டும் திருத்திவிட்டு அடுத்த வரிகளை அப்படியே விட்ட இடங்களில் இது தவறாமல் நிகழும். இரண்டாவது, வருத்தம் எந்தச் சிரமத்துக்கு என்று அந்த வாக்கியத்தில் இல்லை. நெட் வராதவருக்கும், பில் கூடுதலாக வந்தவருக்கும், முகவரி மாற்ற அழைத்தவருக்கும் ஒரே வாக்கியம் பொருந்துகிறதென்றால், அது யாரையும் கேட்டுச் சொன்னதில்லை என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும். மூன்றாவது, கைபேசி எண் ஏன் வேண்டும் என்று சொல்லாமல் கேட்கப்படுகிறது. தன் பிரச்சினையை ஒதுக்கிவிட்டுப் படிவம் நிரப்பத் தொடங்கிவிட்டார்கள் என்று அவர் நினைக்கிறார்.

> பணியாளர்: மூணு நாளாவா? நாளைக்குப் பரீட்சை வேற இருக்கு, முதல்ல லைன் எப்படி இருக்குன்னு பாத்துடறேங்க. உங்க கனெக்ஷனை எடுக்கறதுக்குப் பதிவு பண்ணின போன் நம்பர் சொல்லுங்க.

இந்தத் திருத்தத்தை ஸ்கிரிப்டில் வாக்கியமாக எழுதி வைக்க முடியாது. எழுதினால் அதுவும் விரைவில் ராகமாகிவிடும். எழுத வேண்டியது ஒரு வரிசை மட்டுமே: அவர் சொன்னதில் ஒரு சொல்லையாவது திருப்பிச் சொல், இப்போது என்ன செய்யப்போகிறாய் என்று சொல், எதற்காக என்ற காரணத்தோடு விவரத்தைக் கேள். "மூணு நாளாவா?" என்பதில்தான் அந்தப் பணியாளர் காதுகொடுத்துக் கேட்டார் என்பது தெரிகிறது. பதிவுகளில் இதைச் சோதிக்க, பணியாளரின் இரண்டாம் வாக்கியத்தை மட்டும் தனியே எழுதி, அதை வைத்து வாடிக்கையாளரின் பிரச்சினை என்னவென்று வேறொருவரால் ஊகிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அது எவருக்கும் பொருந்தும் வாக்கியம்.

ஓர் எச்சரிக்கை. "உடனே சரிபண்ணிடலாம்" என்பது நட்பாக ஒலித்தாலும் அது வாக்குறுதி. கோளாறு இன்னதென்று தெரியுமுன், பார்ப்பதாக மட்டுமே சொல்ல வேண்டும்.

அடையாளம் உறுதி செய்வதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும் என்று சில சேவைகளில், குறிப்பாகப் பணம், மருத்துவம் தொடர்பானவற்றில், விதி இருக்கும். அங்கே வரிசையை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லை; பாதுகாப்புப் பிரிவிடம் கேளுங்கள். காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கேட்கும் உரிமை மட்டும் எங்கும் உண்டு.

## அறிகுறி 5: பெயரைச் சொன்னதும் வாடிக்கையாளரின் குரல் இறுகுகிறது

திரையில் ஆங்கில எழுத்தில் வரும் பெயரைப் பணியாளர் தடுமாறிப் படித்திருப்பார், அல்லது இனிஷியலோடு முழுப்பெயரையும் அழைத்திருப்பார், அல்லது கணவர் பெயரிலுள்ள இணைப்புக்காக மனைவி அழைத்திருப்பார். வரவேற்பில் பெயரைச் சேர்ப்பதையே நிறுத்திவிடுங்கள். அவர் பெயரைச் சொன்ன பின், அவர் சொன்னபடியே, ஓரிரு முறை பயன்படுத்தினால் போதும். வாக்கியத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லி அழைப்பது கடனை வசூலிப்பவரின் குரலைத்தான் நினைவூட்டும். குரலை வைத்து "சார்", "மேடம்" என்று முடிவுகட்டுவதும் பலமுறை தவறிவிடும். "ங்க" போட்டுப் பேசினால் இந்தச் சிக்கலே எழாது.

## அறிகுறி 6: காலையில் நன்றாக இருக்கிறது, பிற்பகலில் கெடுகிறது

ஒரே பணியாளரின் முதல் மணிநேரப் பதிவையும் கடைசி மணிநேரப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால், ஒரு அழைப்பு முடிந்து அடுத்தது இணைவதற்குள் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அமைப்பில் பாருங்கள். கத்திய ஒருவரிடம் பேசி முடித்த கணமே அடுத்த பீப் ஒலித்தால், முந்தைய அழைப்பின் இறுக்கம் அடுத்தவருக்குச் சொல்லும் வணக்கத்தில் ஏறிவிடும். சில நொடி இடைவெளியும், கையெட்டும் தூரத்தில் தண்ணீரும் முதல் மருந்து. இடைவெளியைக் கூட்டினால் காத்திருப்போர் வரிசை நீளும் என்பதால், இதை ஆள்கணக்குப் பார்ப்பவரோடு பேசித்தான் செய்ய முடியும்.

குரல் கரகரப்பு ஓய்வுக்குப் பின்னும் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது ஸ்கிரிப்டின் பிரச்சினையாக இருக்காது. காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

## அறிகுறி 7: பயிற்சியில் இயல்பாகப் பேசியவர் நேரடி அழைப்பில் ஒப்பிக்கிறார்

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தும் ஒப்பிப்பது நிற்கவில்லையென்றால், தர மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்துப் படியுங்கள். "வரவேற்பு வாசகத்தை வரிமாறாமல் கூறினாரா?", "வருத்தம் தெரிவித்தாரா?", "வாடிக்கையாளரின் பெயரை மும்முறை பயன்படுத்தினாரா?" என்று அதில் கேள்விகள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இருந்தால், பணியாளர் தமக்குத் தரப்பட்ட வேலையைத்தான் சரியாகச் செய்கிறார். நட்பாகப் பேசு என்று டீம் லீடர் சொல்வார். ஒப்பித்தால் மதிப்பெண் என்று படிவம் சொல்லும். சம்பளம் படிவத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. இருப்பவற்றில் செலவு மிகுந்த திருத்தம் இதுதான், ஏனெனில் பலருடைய கையெழுத்து இதற்குத் தேவை.

சோதனை: பதிவுகளைக் கேட்டு உங்களுக்கு மிக இயல்பாகப் பட்ட மூன்றையும் மிகவும் விறைப்பாகப் பட்ட மூன்றையும் தேர்ந்து, அவை வாங்கிய மதிப்பெண்ணைப் பாருங்கள். விறைப்பானவை கூடுதல் மதிப்பெண் வாங்கியிருந்தால் காரணம் கைக்கு வந்துவிட்டது. அந்தக் கேள்விகளை, "பிரிவின் பெயரும் தன் பெயரும் தெளிவாகக் கேட்டனவா?", "வாடிக்கையாளர் சொன்னதை இரண்டாம் வாக்கியத்தில் குறிப்பிட்டாரா?" என்பனபோல் மாற்ற வேண்டும். மதிப்பிடுபவர்கள் இருவர் ஒரே பதிவைத் தனித்தனியே கேட்டு ஒரே விடையைத் தருகிறார்களா என்று பார்த்த பின்பே புதிய படிவத்தை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் பணியாளர்கள் பழைய வாசகத்தையே பாதுகாப்பென்று பிடித்துக்கொள்வார்கள்.

வேறொரு நிறுவனத்துக்காக அழைப்புகளை ஏற்கும் மையமாக இருந்தால், ஸ்கிரிப்டும் படிவமும் ஒப்பந்தத்தின் பகுதியாக இருக்கக்கூடும். அப்போது டீம் லீடர் மட்டத்தில் எதையும் மாற்றக் கூடாது; ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர்தான் அந்த நிறுவனத்திடம் பேச வேண்டும். அவர் கையில் விளக்கக் குறிப்பைக் கொடுத்து அனுப்புவதைவிட, அதே பணியாளர் பழைய ஸ்கிரிப்டிலும் புதிய ஸ்கிரிப்டிலும் ஏற்ற இரண்டு அழைப்புகளை, வாடிக்கையாளரின் அடையாளத்தை நீக்கிவிட்டு, ஒவ்வொன்றிலும் முதல் இருபது நொடியை மட்டும் வெட்டிக் கொடுத்து அனுப்புங்கள்.